ராத்தாவுக்கு 12,600, கொழும்பு முகவரிக்கு 11,850: காரணத்தை ஏன் மறைக்கிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து இரவைக்கு வாசியுங்கள். வாசிக்காமல் "அருமை சேர்" என்று மட்டும் கொமன்ட் போட வேண்டாம், சண்டை பிடிக்கவாவது வாசித்துவிட்டு வாருங்கள்.

எங்களோடு படிப்பிக்கும் ராத்தா ஒருவர், வீட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்து விற்கலாம் என்று ஒரு கிரைண்டர் வாங்க நினைத்தார். ஒன்லைன் கடையொன்றில் பார்த்து வைத்திருந்தார். விலை ரூபா 12,600. இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறையில் அதைக் காட்டினார். விஞ்ஞான சேர் தன் போனில் அதே பொருளைத் திறந்தார். அதே கம்பனி, அதே மொடல், அதே படம். அவருக்கு ரூபா 11,850. புதிதாக நியமனம் பெற்று வந்த தம்பி தன் ஐபோனில் திறந்தார். அவருக்கு ரூபா 12,100.

ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பொருள். மூன்று விலை.

உடனே அறைக்குள் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. முதல் கட்சி சொன்னது: "ராத்தா, நீங்க பத்துத் தரம் திறந்து பார்த்திருப்பீங்க. ஆசைப்படுறீங்க என்று தெரிஞ்சு கூட்டிட்டான். குக்கீயை அழிச்சா இறங்கும்." வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் குரல் பதிவுகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. இரண்டாவது கட்சி சொன்னது: "இதிலே என்ன புதினம்? சந்தையிலயும் ஆளுக்கொரு விலைதானே. வியாபாரம் அப்படித்தான்."

இரண்டு கட்சியும் பிழை என்பதே இந்தப் பதிவு. முதல் கட்சி நோயைப் பிழையாகக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது கட்சி நோயே இல்லை என்கிறது. இரண்டாலும் இலாபம் அடைவது அந்தக் கடைகள்தான்.

முதலில் நாங்கள் செய்தது

தரம் 8 பிள்ளைகளுக்கு நாங்கள் படிப்பிப்பது என்ன? ஒரு பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு விடயத்தை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்வதை நாங்களும் ஒருமுறை செய்து பார்த்தோம்.

முதலாவது, பார்த்த எண்ணிக்கை. ராத்தாவின் போனில் கணக்கிலிருந்து வெளியேறி, குக்கீ உட்படச் சேமிக்கப்பட்ட எல்லாத் தரவையும் அழித்தோம். தளம் எங்களைப் புது ஆளாக நினைத்து மாவட்டத்தைக் கேட்டது. அம்பாறை என்று கொடுத்து எங்கள் ஊரைத் தெரிவு செய்தோம். விலை அதே 12,600. ஆகவே ராத்தா பத்துத் தரம் பார்த்தது காரணமல்ல.

இரண்டாவது, போன். ராத்தாவின் கணக்கை அந்தத் தம்பியின் ஐபோனில் திறந்தோம். அங்கேயும் 12,600. ராத்தாவின் பழைய அன்ட்ரொயிட் போனும் புது ஐபோனும் ஒரே விலையைத்தான் காட்டின. ஐபோன்காரனுக்குக் கூட்டிப் போடுவான் என்று சொன்னவர்கள் கொஞ்சம் அமைதியானார்கள். தம்பிக்கு 500 ரூபா குறைந்ததற்குக் காரணம், அவர் புதிதாகக் கணக்குத் திறந்தவர். முதல் கொள்வனவு வவுச்சர் ஒன்று தானாகவே கழிந்திருந்தது.

மூன்றாவது, முகவரி. விஞ்ஞான சேரின் கணக்கில் இருந்தது அவருடைய மகன் கொழும்பில் தங்கிப் படிக்கும் அறையின் முகவரி. அதை எங்கள் ஊருக்கு மாற்றினோம். 11,850 உடனே 12,600 ஆனது. ராத்தாவின் கணக்கில் கொழும்பு முகவரியைப் போட்டோம். 12,600 இறங்கி 11,850 ஆனது. இரண்டு போனிலும் மாறி மாறிச் செய்தோம், ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

பிறகுதான் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த விற்பனையாளரின் பெயரை வாசித்தார். இரண்டு முகவரிக்கும் இரண்டு வேறு விற்பனையாளர். பொருள் ஒன்று, பக்கம் ஒன்று, படம் ஒன்று. ஆனால் நமது ஊர் முகவரிக்கு ஒரு கடையை முன்னால் வைக்கிறார்கள், கொழும்பு முகவரிக்கு வேறொரு கடையை முன்னால் வைக்கிறார்கள்.

கொழும்புக் கடை எங்கள் ஊருக்கு அனுப்பாதா? அனுப்பும். பக்கத்தின் அடியில், "ஏனைய விற்பனையாளர்கள்" என்ற இடத்தை அழுத்தினால் அது இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்:

கொழும்பு முகவரிக்கு: 11,850 + டெலிவரி 250 = 12,100.
நமது ஊருக்கு, முன்னால் வைக்கப்பட்ட கடை: 12,600 + டெலிவரி 400 = 13,000.
நமது ஊருக்கு, அடியில் ஒளிந்திருந்த கொழும்புக் கடை: 11,850 + டெலிவரி 650 = 12,500.

கொழும்புக்காரருக்கும் ராத்தாவுக்கும் இடையில் மொத்த வித்தியாசம் 900 ரூபா. அதில் 400 ரூபா பாதைச் செலவு. லொறி ஓட டீசல் வேண்டும், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. மீதி 500 ரூபா பாதைக்கு உரியதல்ல. எந்தக் கடையை முதலில் கண்ணில் காட்டுவது என்று அந்தத் தளம் எடுத்த முடிவுக்கு உரியது.

முன்னால் இருந்த கடை இரண்டு நாள் முந்தி அனுப்பும் என்று போட்டிருந்தது. அது காரணமாக இருக்கலாம். அந்தக் கடை தளத்துக்குக் கூடுதலாகக் கட்டணம் செலுத்துவது காரணமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். நாங்கள் எழுதிக் கேட்டோம். வந்த பதில்: "விலைகள் அவ்வப்போது மாற்றத்துக்கு உட்பட்டவை." இது பதிலா? பிள்ளை வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்க, "வீட்டுப்பாடங்கள் சில வேளைகளில் செய்யப்படாதவை" என்று சொன்னால் நாங்கள் ஏற்றுக்கொள்வோமா?

இடம் என்பது ஏன் இவ்வளவு பெறுமதி

நமது நாட்டில் நடந்ததாலே இது சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2012 டிசம்பரில் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் பத்திரிகை இதையே பெரிய அளவில் சோதித்தது. ஸ்டேப்பிள்ஸ் என்பது அங்கே காகிதம், பேனை, அலுவலகச் சாமான் விற்கும் பெரிய கம்பனி. அதன் இணையத்தளத்தில் ஒரே ஸ்டேப்ளர் ஒருவருக்கு 15.79 டொலர், சில மைல் தள்ளி இருந்த இன்னொருவருக்கு 14.29 டொலர்.

பத்திரிகைக்காரர்கள் வெவ்வேறு தபாற் குறியீடுகளில் இருந்து வருவது போலத் தளத்தைத் திறந்து திறந்து விலைகளைச் சேகரித்தார்கள். அனுப்பும் தூரம்தான் காரணமா என்று பார்த்தார்கள். மிக நெருக்கமாகப் பொருந்திய காரணம் வேறு. போட்டிக் கம்பனிகளான ஒபிஸ் மெக்ஸ், ஒபிஸ் டிப்போ ஆகியவற்றின் கடை ஏறத்தாழ 20 மைலுக்குள் இருக்கும் இடத்தவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த விலை காட்டப்பட்டது. பக்கத்தில் போட்டிக் கடை இல்லாதவர்களுக்குக் கூடிய விலை. கம்பனியிடம் கேட்டபோது, வியாபாரச் செலவு உட்படப் பல காரணங்களால் விலை மாறும் என்று பொதுவாகச் சொன்னார்கள்.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தத் தளம் யாருடைய சட்டைப்பையையும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் பணக்காரர், இவர் ஏழை என்று பிரிக்கவில்லை. "இவருக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்டது. ஆனால் போட்டிக் கடைகள் எங்கே திறக்கப்படும்? காசு புழங்கும் இடத்தில். ஆகவே குறைந்த விலை கிடைத்த பகுதிகளின் சராசரி வருமானம், கூடிய விலை காட்டப்பட்ட பகுதிகளை விடக் கூடுதலாக இருந்தது. ஏழையைக் குறிவைக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கத் தேவையில்லை. போக்கிடம் இல்லாதவனைக் குறிவைத்தால் போதும், அது தானாகவே ஏழை வீட்டு வாசலில் போய் நிற்கும்.

இன்னொரு உதாரணம். 2019இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று டார்கெட் என்ற பெரிய கடையின் செயலியைச் சோதித்தது. கடைக்குத் தூரத்தில் நின்று பார்த்தபோது ஒரு சம்சுங் தொலைக்காட்சி 499.99 டொலர். அதே கடையின் வாகனத் தரிப்பிடத்துக்குள் போனதும் அதே செயலியில் 599.99 டொலர். வெளியில் இருப்பவனுக்கு ஒன்லைன் விலை, உள்ளே வந்துவிட்டவனுக்குக் கடை விலை. வாசல்வரை வந்துவிட்ட ஆள் இனி வேறு கடைக்குப் போகமாட்டான் அல்லவா? பின்னர் கலிபோர்னியா மாநில அரச வழக்கறிஞர்கள் வழக்குத் தொடர, 2022இல் அந்தக் கம்பனி 50 இலட்சம் டொலர் செலுத்தி முடித்துக்கொண்டது.

நமது இடம் இவர்களுக்கு எப்படித் தெரிகிறது? நாம்தான் கொடுக்கிறோம். டெலிவரி முகவரி ஒன்று. செயலியை நிறுவும்போது "இருப்பிடத்தை அனுமதிக்கவா?" என்று கேட்க, வாசிக்காமல் "ஆம்" என்று அழுத்தியது இன்னொன்று. மூன்றாவது ஐபி முகவரி. நமது இணைய இணைப்புக்குத் தொலைபேசிக் கம்பனி கொடுக்கும் இலக்கம் அது. கைபேசி டேட்டாவில் அந்த இலக்கம் பல வேளைகளில் சரியான ஊரைக் காட்டாது, தூரத்து நகரம் ஒன்றைக் காட்டும். ஆகவே குக்கீயை அழித்துவிட்டு முகவரியை அப்படியே வைத்திருப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பது போன்றது.

போனும், பார்த்த தடவையும்

ஐபோன் கதைக்கு வருவோம். அதன் ஆரம்பம் 2012இல் ஓர்பிட்ஸ் என்ற பயணத் தளம். மெக் கணினி வைத்திருப்பவர்கள் ஓர் இரவு ஹோட்டலுக்கு 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவழிக்கிறார்கள் என்று அந்தக் கம்பனி தன் தரவில் கண்டுகொண்டது. உடனே அவர்களுக்கு விலை கூடிய ஹோட்டல்களை மேலே காட்டத் தொடங்கியது. ஆனால் ஒரே அறையை இருவருக்கு இரண்டு விலையில் காட்டவில்லை. மாறியது வரிசை. செய்தி கைமாறிக் கைமாறி வந்து "ஐபோனுக்கு விலை கூட" என்று ஆகிவிட்டது.

2014இல் அமெரிக்காவின் நோர்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 16 தளங்களைச் சோதித்து, 9 தளங்களில் ஆளுக்கேற்ற விலையோ ஆளுக்கேற்ற வரிசையோ இருப்பதைக் கண்டார்கள். அவர்களுடைய கவனத்தைப் பாருங்கள். எல்லா வகையிலும் ஒரே மாதிரியான இரண்டு கணக்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அவற்றுக்கிடையே தற்செயலாக எவ்வளவு மாறுகிறது என்று முதலில் அளந்தார்கள். அதைவிடக் கூடுதலான வித்தியாசத்தையே கணக்கில் எடுத்தார்கள். அந்த ஆய்வில் ஒரு பயணத் தளம் ஐபோன் பாவனையாளர்களுக்குச் சில ஹோட்டல்களைக் குறைத்துக் கொடுத்தது கூடத் தெரியவந்தது. ஆகவே "விலை கூடிய போனுக்கு விலை கூட" என்று சூத்திரம் போட முடியாது.

பார்த்த தடவை? இதற்கும் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமேசன் ஒரே டிவிடியை ஆளுக்கொரு விலைக்கு விற்றது. ஒருவர் தன் கணினியில் குக்கீயை அழித்துப் பார்த்தபோது, 26.24 டொலராக இருந்தது 22.74 டொலருக்கு இறங்கியது. பழைய வாடிக்கையாளருக்குக் கூடுதல், புது ஆளுக்குக் குறைவு என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. கம்பனி, ஆளைப் பார்த்துப் போடவில்லை, எழுந்தமானமாக விலையை மாற்றிச் சோதித்தோம் என்றது. பின்னர் 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டொலர் வீதம் திருப்பிக் கொடுத்தது. குக்கீ அழிக்கும் வைத்தியத்தின் மூலம் இதுதான். கால் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு மருந்துச் சீட்டை இன்னும் எல்லாக் காய்ச்சலுக்கும் பாவிக்கிறோம்.

விமான டிக்கெட்டில்தான் இந்தக் கதை கூடுதலாகப் பேசப்படுகிறது. உம்ராவுக்குப் போகப் பார்த்தவர்கள், கட்டாரில் இருக்கும் மகனிடம் போகப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள்: "காலையில் ஒரு விலை, பின்னேரம் பார்த்தால் கூடிட்டு, நாம் பார்த்ததைக் கண்டுபிடிச்சிட்டான்." நடப்பது பெரும்பாலும் வேறு. ஒரே விமானத்தின் ஒரே வகுப்பு ஆசனங்களைக் கம்பனிகள் பல விலைப் பெட்டிகளாகப் பிரித்து வைத்திருக்கும். மலிவான பெட்டியில் இருக்கும் ஆசனங்கள் முடிந்தால் அடுத்த பெட்டி திறக்கும். நீங்கள் பார்க்கும் அதே நேரத்தில் இன்னும் பலர் வாங்குகிறார்கள்.

இதில் நமது குடும்பங்களுக்கு உதவும் ஒரு விடயம் உண்டு. மலிவான பெட்டியில் 3 ஆசனம் மட்டும் மீதி இருக்கும்போது நீங்கள் 5 பேருக்கு ஒன்றாகத் தேடினால், பல தளங்கள் ஐந்து பேருக்கும் கூடிய பெட்டியின் விலையையே காட்டும். ஒருவருக்கு, பிறகு மூவருக்கு என்று தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் 3 பேரையும் 2 பேரையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். தனித்தனிப் பதிவு என்றால், விமானம் மாற்றப்பட்டால் குடும்பம் பிரியக்கூடும் என்பதையும் யோசித்துச் செய்யுங்கள்.

பார்த்த தடவை விலையைக் குறைப்பதும் உண்டு. பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டால், இரண்டொரு நாளில் வவுச்சர் அனுப்பும் கடைகள் இருக்கின்றன. எங்கள் அறையில் புது ஆளான தம்பிக்கு 500 ரூபா குறைந்தது. மூன்று வருடமாக அங்கே வாங்கும் ராத்தாவுக்கு ஒன்றும் இல்லை. தவறாமல் வருபவரிடம் முழு விலை வாங்குவதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் வாடிக்கையாளர் சேவை.

"சந்தையிலும் இப்படித்தானே"

இனி இரண்டாவது கட்சிக்கு வருகிறோம். நம்மில் பாதிப்பேர் வியாபாரக் குடும்பம். பேரம் பேசுவது நமக்குப் புதிதல்ல, அது ஆகாத காரியமும் அல்ல. விலை ஆளுக்காள் மாறுவதை நாங்கள் குற்றம் என்று சொல்லவில்லை.

ஆனால் பேரத்தின் ஒழுங்கைப் பாருங்கள். ராத்தா கடைசியில் கல்முனைக்குப் போனார். அதே கிரைண்டரில் 12,400 என்று சீட்டு ஒட்டியிருந்தது. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க காக்கா" என்றார். கடைக்காரர் 12,000 என்றார். வாங்கிக்கொண்டு வந்தார். அங்கே என்ன நடந்தது? சீட்டில் இருந்த விலை எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து இறங்கினார், ஏறவில்லை. பேரம் நடக்கிறது என்று இருவருக்கும் தெரியும். பக்கத்தில் நின்றவர் காதிலும் விழுந்தது, அவரும் 12,000 கேட்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடை பத்தடி தூரம்.

அந்தத் தளத்தில் இதில் ஒன்றும் இல்லை. சீட்டே ஆளுக்கொன்று. பேரம் நடப்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரியும். பக்கத்து வீட்டாருக்கு என்ன விலை காட்டப்படுகிறது என்று நமக்குத் தெரியாது. நாம் எங்கே இருக்கிறோம், புதியவரா பழையவரா, கூடையில் என்ன போட்டோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டு ஒருவரைத் தராசுக்கு முன்னால் நிறுத்துவதற்குப் பேரம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

எங்கள் அறையில் மூன்று போன் இருந்தது, கொழும்பு முகவரி ஒன்று இருந்தது, ஒரு மணித்தியாலம் இருந்து ஆராயவும் ஆள் இருந்தது. ஒற்றைப் போனோடு வீட்டில் இருந்து வாங்கும் பெண்ணுக்கு இதில் எது இருக்கிறது? தனக்கு இரண்டு விலை உண்டு என்பதே அவருக்குத் தெரியவராது. தெரியாத அநியாயத்துக்கு எப்படி முறைப்பாடு செய்வார்?

நாங்கள் கேட்பது

பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு விடயம்.

ஒன்று, விலைக்குக் கீழே காரணத்தை எழுதுங்கள். "இந்த விலை உங்கள் முகவரிக்கு உரியது", "இது முதல் கொள்வனவுக் கழிவு" என்று ஒரு வரி. இது நடக்காத காரியமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் தானியங்கி முறையில் ஆளுக்கேற்ப விலை போட்டால் அதைப் பாவனையாளருக்குச் சொல்ல வேண்டும் என்ற விதி 2022 மே 28 முதல் நடைமுறையில் உள்ளது. நியூயோர்க் மாநிலத்தில் 2025இல் வந்த சட்டப்படி, உங்கள் தனிப்பட்ட தரவைக் கொண்டு கணினி முறையால் போடப்பட்ட விலை என்றால் அதை விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

இரண்டு, ஒரு பொருளுக்குப் பல விற்பனையாளர் இருந்தால், டெலிவரியும் சேர்த்த மொத்தத் தொகையைக் காட்டுங்கள், குறைந்தது மேலே இருக்கட்டும். வேகமாக வேண்டுபவர் கூடியதைத் தானே தெரிவு செய்துகொள்வார்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. கடைக்காரர் எல்லோரும் காணும்படி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் கடமையின் நோக்கமே, கடைக்கு வரும் எல்லோரும் ஒரே பலகையைப் பார்க்க வேண்டும் என்பதுதான். பார்ப்பவருக்குப் பார்ப்பவர் எழுத்து மாறும் பலகை, காட்சிப்படுத்திய விலை ஆகுமா? இந்தக் கேள்வியை அதிகாரசபையிடம் நாம் கேட்க வேண்டும். 1977 என்ற இலக்கம் அரிசிக்கும் சீனிக்கும் மட்டும் உரியதல்ல.

முறைப்பாடு செய்வதென்றால் ஆதாரத்தோடு செய்யுங்கள். ஒரே நிமிடத்தில் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷொட், இரண்டிலும் நேரம், விற்பனையாளர் பெயர், முகவரி, டெலிவரி சேர்த்த மொத்தம் ஆகியவை தெரிய வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து இரண்டு போனும் ஒரே விலை காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். விற்பனையாளர் வேறு என்றால் அதையும் எழுதுங்கள். அரைகுறை ஆதாரம் கொடுத்தால் "அது வேறு கடை" என்ற ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

கடைசியாக, நமது பிள்ளைகளுக்கு

பேஸ்புக்கில் துணி, அபாயா, பாதணி விற்கும் நமது ஊர்ப் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு "சரியாச் சொன்னீங்க சேர்" என்று போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் பக்கத்தில் அழகான படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்? "விலை இன்பொக்ஸில்."

ஏன் இன்பொக்ஸில்? பிரசவத்துக்காக வெளியூர் போன ஒரு டீச்சர் அங்கே இருந்தபடி ஒரு அபாயாவுக்கு விலை கேட்டார். அவருடைய மகள் இங்கிருந்து அதே நாள் கேட்டாள். 800 ரூபா வித்தியாசம். கேட்பவரின் பக்கத்தைத் திறந்து, வீட்டைப் பார்த்து, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விலை சொல்வதும், அந்தப் பெரிய தளம் செய்வதும் ஒன்றுதான். அவர்களிடம் கணினி இருக்கிறது, உங்களிடம் நேரம் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நமது வாப்பாமார் கடையில் விலைச் சீட்டு ஒட்டித்தான் பேரம் பேசினார்கள். நாளைக்கு நாங்கள் அந்தப் பெரிய கம்பனிக்கு எதிராகக் கையெழுத்துச் சேர்த்து வரும்போது, உங்கள் படத்துக்குக் கீழே விலை எழுதியிருக்க வேண்டும். எழுதாதவரின் கையெழுத்தை நாங்கள் வாங்கமாட்டோம்.

மூன்று போனை ஒன்றாக வைத்து நீங்களும் ஒரு பொருளைச் சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால், மேலே சொன்ன விபரங்களோடு கொமன்டில் போடுங்கள். சேர்ந்ததும் ஒன்றாக அனுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.